ஒரே கூடை, இரண்டு விலை
இன்று காலை முழுவதும் திருகோணமலை உடைக்கடை ஒன்றின் இணையத்தளத்தில் கழிவுக் குறியீடுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். KONAM10 இட்டால் 10% கழிவு. KADAL500 இட்டால் 500 ரூபாய் குறையும், ஆனால் கூடையில் குறைந்தது 5,000 ரூபாய்க்குப் பொருள் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாவிக்கலாம்.

கூடையில் 5,200 ரூபாய். 500ஐ முதலில் கழித்தால் 4,700. அதில் 10% போக 4,230. வரிசையை மாற்றி 10%ஐ முதலில் இட்டேன். தொகை 4,680 ஆனதும், குறைந்தபட்சத் தொகை போதாதென்று KADAL500ஐத் தளம் மறுத்துவிட்டது. அதே உடைகள், அதே குறியீடுகள், 450 ரூபாய் வித்தியாசம்! எனக்கு மனம் பொறுக்கவில்லை. குறைந்தபட்சத்தைக் கழிவுக்கு முந்திய தொகையில் பார்க்க வேண்டும்; கழிக்கும் வரிசையைத் தளமே தீர்மானிக்க வேண்டும். வாடிக்கையாளர் எதை முதலில் தட்டினார் என்பது விலையைத் தொடவே கூடாது.

பிறகு KADAL500ஐ மட்டும் இட்டு, 900 ரூபாய்ச் சட்டையைக் கூடையிலிருந்து நீக்கினேன். கூடை 4,300க்கு இறங்கியும் கழிவு அசையவில்லை. கூடை மாறும்போது நிபந்தனையை மறுபடி பார்ப்பதில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

நாளை 4,999க்கும் சரியாக 5,000க்கும் சோதிப்பேன். நிபந்தனையில் `>=` இருக்க வேண்டிய இடத்தில் `>` நுழைந்திருந்தால் அங்கேதான் தெரியும்.