37 சதவீதத்திலேயே நின்றுவிட்ட பேட்டரி: எம்பெடட் கன்ட்ரோலரை ரீசெட் செய்த அனுபவம்

லேப்டாப்புக்கு பயாஸ் அப்டேட் போட்ட மறுநாள் காலையில் பேட்டரி 37 சதவீதம் என்று காட்டியது. சார்ஜர் செருகியேதான் இருந்தது. மதியம் பார்த்தேன், 37. மாலையிலும் அதே 37. பேட்டரி ஐகானின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் "plugged in, not charging" என்று வந்தது.

சில லேப்டாப்களில் பேட்டரியின் ஆயுளைக் காப்பதற்காக 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. அப்போதும் இதே வாசகம்தான் வரும், அது பழுது இல்லை. என் லேப்டாப்பிலும் அந்த வசதி இருக்கிறது, 80க்கு வைத்திருந்தேன். 37இல் நிற்க அதில் காரணமே இல்லை.

இரண்டாம் நாள் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு வீடியோ அழைப்பில் இருந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும், திரை சட்டென்று அணைந்துவிட்டது. பேட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சார்ஜரைச் செருகி மறுபடி ஆன் செய்தால், பழையபடி 37. அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் அணைந்தது. ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். Kernel-Power என்ற பெயரில் 41ஆம் எண் பதிவு, அதற்குள் BugcheckCode 0 என்று இருந்தது. நீலத்திரை வந்து நின்றிருந்தால் அந்த இடத்தில் பெரும்பாலும் வேறு எண் இருக்கும். 0 என்றால், விண்டோஸ் எதையும் எழுதி வைக்க நேரமே இல்லாமல் மின்சாரம் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரி செத்துவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான் என்றுதான் முதலில் நினைத்தேன். வாங்குவதற்கு முன் ஒரு அறிக்கை எடுத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

```
powercfg /batteryreport
```

இந்தக் கட்டளை battery-report.html என்று ஒரு கோப்பை உருவாக்கும். அதில் DESIGN CAPACITY 50,000 mWh, FULL CHARGE CAPACITY 43,100 mWh. புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் 86 சதவீதம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். முந்தைய வாரங்களின் வரிசையைப் பார்த்தாலும் மெல்ல மெல்லத்தான் இறங்கியிருந்தது, எங்கேயும் திடீர்ச் சரிவு இல்லை. என்னை நிறுத்திய விஷயம் "Recent usage" பகுதியில் இருந்தது. பேட்டரியில் ஓடிய அரை மணி நேரத்தின் தொடக்கத்திலும் 37%, முடிவிலும் 37%. வீடியோ அழைப்பில் அரை மணி நேரம் ஓடிய லேப்டாப் ஒரு சதவீதம்கூடக் குறையாமல் இருக்க முடியாது. அப்படியானால் அந்த எண்ணே பொய்.

லேப்டாப் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பத்துத் தடவையாவது செய்திருப்பேன் என்றேன். "அதுல நீங்க நிறுத்துறது ப்ராசஸரைத்தான். பேட்டரியைப் பார்த்துக்கிற சிப் வேற. அது நிக்கவே இல்லை" என்றார்.

அவர் சொன்ன சிப்தான் எம்பெடட் கன்ட்ரோலர், சுருக்கமாக இ.சி. மதர்போர்டில் இருக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் அது. கீபோர்டு, ஃபேன், மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சார், பவர் பட்டன் எல்லாம் பெரும்பாலான லேப்டாப்களில் அதன் பொறுப்பு. பேட்டரிக்குள்ளேயே ஒரு அளவிடும் சிப் இருக்கும். இ.சி. அதனோடு இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாகப் பேசி, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று கேட்டு விண்டோஸுக்குச் சொல்லும். சார்ஜ் ஏற்றலாமா வேண்டாமா என்ற முடிவிலும் அதற்குப் பங்கு உண்டு. லேப்டாப்பை ஷட்டவுன் செய்தாலும் இ.சி. தூங்குவதில்லை. பவர் பட்டன் அழுத்தப்படுகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே! ஆகவே அதன் நினைவில் ஒரு தவறான மதிப்பு உட்கார்ந்துவிட்டால், விண்டோஸையே புதிதாக நிறுவினாலும் அது அப்படியே இருக்கும்.

திடீரென்று அணைந்ததும் இதனால்தான். 10 சதவீதத்தில் எச்சரிக்கவும், 5 சதவீதத்தில் ஹைபர்னேட் ஆகவும் விண்டோஸ் நம்பியிருப்பது இ.சி. தரும் எண்ணைத்தான். அது 37ஐயே சொல்லிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை வராது, உண்மையில் பேட்டரி காலியாகும்போது எல்லாம் ஒரேயடியாக விழும். விழுந்த மறுகணம் சுமை இறங்குவதால் பேட்டரியின் வோல்டேஜ் கொஞ்சம் மீளும். இ.சி. உயிரோடு இருக்க அந்தக் கொஞ்சம் போதும், அதன் தவறான நினைவும் கூடவே பிழைத்துக்கொள்ளும்.

இதை உறுதி செய்துகொள்ள லினக்ஸ் உள்ள பென்டிரைவில் பூட் செய்தேன். அங்கே விண்டோஸுக்கு வேலையே இல்லை, அதனால் அதன் மேல் பழி போட முடியாது. சார்ஜரைக் கழற்றிவிட்டு இதை ஓடவிட்டேன்:

```
watch -n 5 cat /sys/class/power_supply/BAT0/voltage_now
```

சில மாடல்களில் BAT0க்குப் பதில் BAT1 என்று இருக்கும். வந்த எண் 11286000, மைக்ரோவோல்ட்டில். அதாவது 11.286 வோல்ட். ஐந்து விநாடிக்கு ஒரு முறை புதுப்பித்தும் பத்து நிமிடம் ஒரு இலக்கம்கூட அசையவில்லை. பிரவுசரைத் திறந்தேன், திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன், அப்படியும் 11286000. ஓடுகிற லேப்டாப்பில் இந்த எண் கடைசி இலக்கங்களிலாவது ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாத எண் என்றால் இ.சி. பேட்டரியிடம் புதிதாக எதுவும் கேட்கவில்லை, எப்போதோ கேட்டதையே திருப்பிச் சொல்கிறது.

உங்கள் லேப்டாப்பும் திடீரென்று அணைகிறது என்றால் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்யச் சொல்வேன். எண் நன்றாக ஆடுகிறது, ஆனால் கனமான புரோகிராமைத் திறந்ததும் வோல்டேஜ் மடமடவென்று சரிகிறது என்றால் பேட்டரியின் செல்கள் தேய்ந்துவிட்டன. அதற்கு ரீசெட் மருந்தில்லை.

சரி, ரீசெட்டுக்கு வருவோம். எளிதானவற்றை முதலில் செய்தேன். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் லேப்டாப்களில் அது முழு ஷட்டவுன் ஆகாது. அதனால் இப்படி அணைத்தேன்:

```
shutdown /s /t 0
```

பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 40 விநாடி அழுத்திப் பிடித்தேன். பல மாடல்களில் இந்த நீண்ட அழுத்தமே இ.சி.யை ரீசெட் செய்துவிடும். இதைச் செய்யும்போது சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. சில லேப்டாப்களின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும், நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தலாம். வேறு சிலவற்றில் உள் பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டிக்க பயாஸிலேயே ஒரு தேர்வு இருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் மாடலில் துளையும் இல்லை, அந்தத் தேர்வும் இல்லை. நீண்ட அழுத்தத்துக்கும் அது மசியவில்லை, திரும்ப 37.

அப்புறம் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வாரண்டியில் இருந்தால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலும் கை வைக்க வேண்டாம். அடிமூடி சமமாக உட்காரவில்லை, டச்பேட் மேலே தள்ளுகிறது என்றால் அது உப்பலின் அடையாளம். இன்னொன்று, பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை முதலில் வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பயாஸ் அமைப்புகள் மாறிவிட்டால் அடுத்த முறை பூட் ஆகும்போது அதைக் கேட்கக்கூடும்.

அடிமூடியில் பத்து ஸ்க்ரூ. பின்வரிசையில் இருந்த நான்கு நீளமானவை, அவை கழற்றிய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். ஒரு தாளில் லேப்டாப்பின் படத்தை வரைந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். மூடியை பிளாஸ்டிக் தகடால் நெம்பி எடுத்தேன். உள்ளே பேட்டரியிலிருந்து வரும் கம்பிகள் ஒரு வெள்ளை கனெக்டரில் முடிகின்றன. ஒருபோதும் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். என்னுடையது போர்டின் தளத்தோடு பக்கவாட்டில் வழுக்கி வரும் வகை, இரண்டு ஓரங்களையும் நகத்தால் மாற்றி மாற்றித் தள்ளியதும் வந்துவிட்டது. மேல்நோக்கித் தூக்கும் வகையும் உண்டு. எந்த வகை என்று பார்த்த பிறகே விசை கொடுங்கள்.

பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை என்ற நிலையில் பவர் பட்டனை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரமும் இதில் வடிந்துவிடும். பத்து நிமிடம் அப்படியே விட்டேன். அதன்பின் பேட்டரியை இணைக்காமல், மூடியை மட்டும் பொருத்தி, சார்ஜரில் ஆன் செய்து பார்த்தேன். பேட்டரி இல்லாமல் ஓட மறுக்கும் மாடல்களும் உண்டு, என்னுடையது ஓடியது. சார்ஜரும், அதிலிருந்து போர்டுக்கு மின்சாரம் வரும் வழியும் சரி என்று இதில் தெரிந்துபோயிற்று.

அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை இணைத்து, எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கிய பிறகு சார்ஜரைச் செருகினேன். பவர் பட்டனைத் தொடும் முன்பே, நாலு நாளாக எரியாத ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் பேட்டரி 4 சதவீதம். நாலு நாளில் முதல் முறையாக உண்மையான எண். எவ்வளவு காலியாக இருந்த பேட்டரியோடு வேலை செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பயாஸ் தேதி பின்னால் போயிருந்தது, அதைத் திருத்தினேன். மறுபடி லினக்ஸில் voltage_now பார்த்தேன். கடைசி இலக்கங்கள் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தன. சார்ஜ் ஏற ஏற மொத்த எண்ணும் மேலே போனது.

80 சதவீத வரம்பு ரீசெட்டில் அழிந்துபோய், அன்று 100 வரை ஏறியது. அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டேன். நூறு வரை ஏற்றி, பின் ஹைபர்னேட் ஆகும்வரை இறக்கி, மறுபடி முழுதாக ஏற்றினால் அளவிடும் சிப் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். இறக்கும்போது 10இல் எச்சரிக்கை வந்தது, 5இல் ஒழுங்காக ஹைபர்னேட் ஆனது. அதன்பிறகே வரம்பைத் திரும்ப 80க்கு வைத்தேன்.

ஒரு வாரம் ஆகிறது, 41ஆம் எண் பதிவு மறுபடி வரவில்லை. திரும்ப எண் உறைந்தால், அதே பயாஸ் பதிப்பை இன்னொரு முறை முழுதாகப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் நண்பர். பல லேப்டாப்களில் இ.சி.யின் ஃபர்ம்வேரும் அந்தக் கோப்போடுதான் வருகிறது. அதற்கும் அடங்காவிட்டால் பேட்டரிக்குள் இருக்கும் போர்டோ, மதர்போர்டில் உள்ள சார்ஜிங் சிப்போ பழுதாகியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மீட்டரோடு உட்காரத் தெரிந்த ஆள் வேண்டும்.