ஒத்திவைத்த பொருளை யார் திரும்பக் கொண்டுவருவது?

நகராட்சியின் மன்றப் பிரிவில் எழுத்தராக இருந்தபோது நான் எழுதிய ஒரு வரி இன்றும் என்னை உறுத்துகிறது. "பொருள் எண் 14: ஒத்திவைக்கப்படுகிறது." அவ்வளவுதான்.

அது ஒரு மழைநீர் வடிகால் வேலை. விலைப்புள்ளிகளை ஏப்ரல் 20 அன்று திறந்தார்கள். 90 நாள் செல்லுபடி, அதாவது ஜூலை 19 வரை. குறைந்த விலையை ஏற்கும் பொருள் ஜூன் கூட்டத்துக்கு வந்தது. வடிகாலின் கடைசி முனை ஓடையைவிடத் தாழ்வாக இருக்கிறதே, தண்ணீர் எப்படி வடியும் என்று வார்டு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. மட்டம் எடுத்துப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார் தலைவர். எல்லோரும் சரி என்றார்கள்.

பத்து நாளில் மட்டம் எடுத்துவிட்டார்கள். ஆனால் பொருள் ஏற்கெனவே மன்றத்தில் இருக்கிறது, மன்றப் பிரிவே மறுபடி வைக்கும் என்று பொறியியல் பிரிவு நினைத்தது. நாங்களோ புதிய அலுவலகக் குறிப்பு வந்தால்தான் சேர்ப்போம். ஜூலைக் கூட்டம் அந்தப் பொருள் இல்லாமலே முடிந்தது. ஆகஸ்டில் அதே உறுப்பினர் கேட்ட பிறகுதான் கோப்பைத் தேடினோம். பழைய விலைக்குச் செய்ய ஒப்பந்ததாரர் மறுத்துவிட்டார். மறு டெண்டர் விட வேண்டியதாயிற்று. அந்த மழைக்காலம் முழுக்க அந்தத் தெருவில் தண்ணீர் நின்றது.

அப்புறம் நான் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டேன். அதே பொருளை இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: "வடிகால் முனைக்கும் ஓடைக்கும் உள்ள மட்ட வேறுபாட்டு அறிக்கை வேண்டியிருப்பதால் ஒத்திவைக்கப்படுகிறது. உதவிப் பொறியாளர் அறிக்கையுடன் ஜூலைக் கூட்டத்தில் மீண்டும் வைக்க வேண்டும். விலைப்புள்ளி ஜூலை 19 வரை செல்லும்."

காரணம் என்ற இடத்தில் விவாதத்தை எழுதக் கூடாது. எந்தத் தாள் வந்தால் பொருள் முடிவாகும் என்பதை எழுத வேண்டும். "உறுப்பினர்கள் ஆட்சேபித்ததால்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. பொறுப்பைப் பெயருக்குப் பதிலாகப் பதவியின் மேல் போடுவதும் முக்கியம். மாறுதல் உத்தரவு வந்தால் ஆள் போய்விடுவார், நாற்காலி இருக்கும். யார், எப்போது என்பதைக் கூட்டம் கலையும் முன்பே தலைவரிடம் கேட்டுவிட வேண்டும். மறுநாள் நாமாக எழுதினால் அது மன்றத்தின் முடிவாகாது. சில சமயம் தலைவர் காரணம் எதுவும் சொல்ல விரும்பமாட்டார். அப்போது நானாகக் காரணத்தைக் கற்பிக்காமல், யார், எந்தக் கூட்டத்தில் என்பதை மட்டுமாவது கேட்டு வாங்கிவிடுவேன்.

விலக்கிக்கொண்ட பொருளை ஒத்திவைத்ததாக எழுதிவிடும் பிழையும் நடக்கும். விலக்கிக்கொண்டது திரும்பி வர வேண்டியதில்லை. ஒத்திவைத்தது வந்தே ஆக வேண்டும்.

ஒத்திவைத்தவற்றுக்கென்று தனிப் பதிவேடும் போட்டேன். அதன் கடைசிக் கட்டம், பொருள் திரும்பி வந்து முடிந்த தீர்மானத்தின் எண். ஒவ்வொரு நிகழ்ச்சி நிரலும் அச்சுக்குப் போகுமுன் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளைப் பார்த்து, உரிய பிரிவுக்கு நானே போய்க் குறிப்பு கேட்பேன்.