நேர்காணல் செய்தியை எத்தனை மணிக்கு அனுப்புவது?

சென்னையில் ஆள் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். நேர்காணலுக்கு நேரம் குறிப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு விண்ணப்பதாரர், கலிஃபோர்னியாவில் கேள்வி கேட்கும் மேலாளர், நடுவில் நான்.

விண்ணப்பதாரர் இன்னொரு கம்பெனியில் வேலையில் இருப்பவர். காலை 11 மணிக்கு "புதன் இரவு முடியுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே நீல டிக் விழும், பதில் வராது. பக்கத்து இருக்கையில் டீம் லீட் இருக்கும்போது அவர் எப்படிப் பதில் எழுதுவார்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது, மாலைக்குள் குடும்ப குரூப் செய்திகளுக்கு அடியில் போயிருக்கும். படித்துவிட்டார் என்பதால் அது புதிய செய்தியாகவும் காட்டாது. அதனால் படிக்கும் நேரத்தைவிட, பதில் எழுத முடிகிற நேரத்தையே பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு வேளை பரவாயில்லை. இரவு 8 மணிக்கு மேல் நல்லது. சனிக்கிழமை காலை 10 மணி வாக்கில் அனுப்பினால் போன் போட்டே பேசிவிடுகிறார்கள். வெள்ளி மாலை மட்டும் வேண்டாம். பாதிப் பேர் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருப்பார்கள்.

மேலாளர் பக்கம் கணக்கு வேறு. கோடையில் கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. திங்கள் காலை 10 மணிக்கு நான் சுறுசுறுப்பாக மெயில் அனுப்பினால் அங்கே ஞாயிறு இரவு 9:30. மறுநாள் அவர் மெயிலைத் திறக்கும்போது என்னுடையது பழைய குவியலில் ஒன்று. அதனால் காலையிலேயே எழுதி, ஜிமெயிலில் `Schedule send` கொடுத்து, இரவு 8:30க்கு வைத்துவிடுவேன். அங்கே காலை 8 மணி. காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய நாளைப் பார்க்கும் நேரம்.

அவர் பதில் நான் தூங்கும்போது வரும். செவ்வாய் காலை பார்த்துவிட்டு, அன்று இரவு 8 மணிக்கு மேல் விண்ணப்பதாரரிடம் உறுதி கேட்பேன். ஆகவே திங்களன்று தொடங்கினால் புதன் இரவுக்கு முன் நேர்காணல் நடக்காது. "நாளைக்கே வையுங்கள்" என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். வியாழன் இரவு அங்கே கேட்டால் வெள்ளி காலைக்குள் பதில் கையில் இருக்கும், சனிக்கிழமை காலை விண்ணப்பதாரரைப் பிடித்துவிடலாம். அடுத்த வாரத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நம் இரவு 8:30 அங்கே காலை 7 ஆகிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம். அந்த வாரம் ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த மெயில்களை 9:30க்கு மாற்றுவேன். நேர்காணல்களும் தள்ளிப்போனால், இரவு 9:30 மணிக்கு உட்கார முடியுமா என்று கோயம்புத்தூர்க்காரரிடம் மறுபடி கேட்க வேண்டும். அதையும் சாப்பாட்டு வேளையிலோ ராத்திரியிலோதான் கேட்பேன்.