மோட்டார் ஓடும்போது மட்டும் சொட்டிய ஆர்ஓ மெஷின்

தர்மபுரி பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடும் உப்பும் இருப்பதால் குடிக்க, சமைக்க எல்லாம் எங்களுக்கு ஆர்ஓ தண்ணீர்தான். அந்த மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. சர்வீஸ்காரர் வந்து பைப்பின் மேல் டெஃப்லான் டேப் சுற்றிச் செருகிவிட்டுப் போனார். மறுபடியும் ஒழுகியது.

ஒழுகும் இடம் ஒன்று, தண்ணீர் சொட்டும் இடம் வேறு. அதனால் மூடியைக் கழற்றி எல்லா இணைப்பையும் துணியால் நன்றாகத் துடைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டிஷ்யூ சுற்றி மோட்டாரை ஓடவிட்டேன். உப்பை வடிகட்டும் சவ்வு இருக்கும் கூடான மெம்பிரேன் ஹவுசிங்கில் தண்ணீர் நுழையும் எல்போ என்ற வளைந்த இணைப்பில் மட்டும் காகிதம் நனைந்தது. அதன் கழுத்தில் வெள்ளையாக உப்பும் படிந்திருந்தது. மோட்டார் நின்றால் சொட்டும் நின்றுவிடும். பம்ப் கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இணைப்பு அது என்பதால்தான் அப்படி.

இந்த அழுத்திச் செருகும் இணைப்பில் திருகி இறுக்க எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் உலோகப் பற்கள் பைப்பைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை நிறுத்துவது அதற்கும் உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங். அது பைப்பின் வழுவழுப்பான வெளிப்பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும். நடுவே டேப் வந்தால் எப்படி உட்காரும்? எல்போவை ஹவுசிங்கில் திருகுகிற மரைக்குத்தான் டேப்.

கரண்டை நிறுத்தி, தண்ணீர் வரும் வால்வையும் மூடி, அழுத்தம் இறங்கச் சிறிது நேரம் விட்டேன். அப்புறம் பூட்டுக் கிளிப்பை எடுத்து, எல்போவின் வாயில் இருக்கும் வளையத்தைச் சுற்றிலும் சமமாக உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே பைப்பை நேராக இழுத்தேன். வளையத்தை அழுத்தாமல் இழுத்தால் பற்கள் பைப்பைக் கீறிவிடும்.

வெளியே வந்த முனையைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கத்தரிக்கோலால் வெட்டியதில் முனை சாய்வாகி, கொஞ்சம் நசுங்கியும் இருந்தது. பற்கள் பதிந்த கீறல்கள் ஓ-ரிங் உட்காரும் இடத்திலேயே ஓடின. அந்தப் பகுதியை வெட்டினால் பைப் குட்டையாகி விறைப்பாக நிற்கும். பக்கவாட்டில் இழுக்கும் பைப் ஓ-ரிங்கை ஒரு பக்கமாக நெருக்குவதால் மறுபடியும் ஒழுகும். எனவே கால் அங்குல பைப் புதிதாக வாங்கி, தாராளமாக வளையும் நீளத்தில் புது பிளேடால் நேர்செங்குத்தாக வெட்டினேன்.

முனையிலிருந்து சுமார் 15 மில்லிமீட்டரில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். செருகும்போது முதலில் ஓர் இடத்தில் தட்டும். அது பற்கள்தான், முடிவு இல்லை. இன்னும் அழுத்தினால் ஓ-ரிங்கைத் தாண்டிப் போய் அடியில் முட்டி நிற்கும். கோடு வாய் வரைக்கும் போயிற்றா என்று பார்த்து, பைப்பை ஒருமுறை இழுத்துச் சோதித்த பிறகே கிளிப்பைப் போட்டேன்.

டேங்க் நிரம்பும் வரை மோட்டார் ஓடியும் டிஷ்யூ காய்ந்தே இருந்தது. புது பைப் போட்டும் நனைந்திருந்தால் ஓ-ரிங் கிழிந்திருக்கும் அல்லது எல்போ விரிசல் விட்டிருக்கும். அப்போது எல்போவையே மாற்றிவிடுவதுதான் சரி.