பைலட்டுகளுக்கு நடுவில் சேனல் ஏன் தொலைகிறது?

ஓஎஃப்டிஎம் ரிசீவர் ப்ராஜெக்டிலும் வைவாவிலும் பலர் சிக்கும் இடம் பைலட்டில் சேனலைக் கணக்கிடுவது அல்ல. அது ஒரே வகுத்தல்: வந்ததை அனுப்பியதால் வகுத்தால் போதும். சிக்கல் இரண்டு பைலட்டுக்கு நடுவில் இருக்கும் சப்கேரியர்களில் வருகிறது, அதன் வேர் பெரும்பாலும் டைமிங்கில் இருக்கிறது.

ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். எஃப்எஃப்டி அளவு 64, சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ் 16 சாம்பிள், நான்கு சப்கேரியருக்கு ஒரு பைலட். சேனலின் கடைசி எதிரொலி 5 சாம்பிள் தாமதமாக வருகிறது. எஃப்எஃப்டி ஜன்னலைத் தாமதமாகத் திறந்தால் அடுத்த சிம்பல் கலந்துவிடும் என்பதால், எல்லோரும் ப்ரிஃபிக்ஸுக்குள் சற்று முன்கூட்டியே திறப்பார்கள். 16 − 5 = 11 சாம்பிள் வரை முன்னே போனாலும் சிம்பல்கள் கலக்காது. பாடத்தில் படித்த விதி இதோடு நின்றுவிடும்.

ஆனால் d சாம்பிள் முன்னே திறந்தால் k-ஆவது சப்கேரியர் `exp(-j2πkd/64)` அளவு சுழல்கிறது. d = 4 என்றால் அடுத்தடுத்த இரு பைலட்டுக்கு இடையே 90° சுழற்சி. சேனல் தட்டையாக இருந்தாலும்கூட, அவற்றை நேர்கோட்டில் இணைத்தால் நடுப்புள்ளியின் நீளம் 1 அல்ல, cos 45° = 0.707 தான். கோணம் மட்டும் சரியாக இருக்கும். அந்த மதிப்பால் வகுத்தால் கான்ஸ்டெலேஷன் புள்ளி 1.414 மடங்கு வெளியே தள்ளப்படும். d = 8 ஆனால் பைலட்டுகள் நேரெதிராகி நடுமதிப்பு பூஜ்யத்துக்குப் போய்விடும்; ஈக்வலைசர் வெடிக்கும். ப்ரிஃபிக்ஸ் 11 வரை அனுமதிக்கிறது, இன்டர்போலேஷனோ அதற்கு முன்பே செத்துவிடுகிறது.

இந்தப் பிழை க்யூபிஎஸ்கேயில் ஒளிந்துகொள்ளும். நீளம் மாறினாலும் கால்பகுதி மாறாதே. அதே கோடை 64-க்யூஏஎம்மில் ஓட்டினால், 3-இல் இருக்கவேண்டிய புள்ளி 4.24-க்குப் போய் 5 என்று படிக்கப்படும், நாய்ஸே இல்லாவிட்டாலும். எஸ்என்ஆரை எவ்வளவு ஏற்றினாலும் பிழைவீதம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மறுத்தால் இதைச் சந்தேகியுங்கள். உறுதிசெய்ய, பிழையைச் சப்கேரியர் வாரியாக வரையுங்கள். பைலட்டை ஒட்டிப் பள்ளமும் நடுவில் மேடுமாக நான்குக்கு ஒருமுறை திரும்பினால் குற்றவாளி இன்டர்போலேஷன் தான். நாய்ஸாக இருந்தால் இப்படிச் சீப்பின் பல் போன்ற வடிவம் வராது.

சரிசெய்ய, சுழற்சியைக் கழற்றிவிட்டு இணைத்து, பிறகு திரும்ப மாட்டவேண்டும்:

```python
k = np.arange(64); p = k[::4]
Hp = Y[p] / X[p]
th = np.angle(np.sum(Hp[1:] * np.conj(Hp[:-1])))
r = np.exp(1j * th * k / 4)
H = np.interp(k, p, Hp / r[p]) * r
```

`th` என்பது சராசரித் தாமதத்தைச் சொல்கிறது. d-யும் சேனலின் சராசரித் தாமதமும் சேர்ந்து 8 சாம்பிளைத் தாண்டினால் கோணம் 180°-ஐக் கடந்து குறி மாறி, சரிசெய்வதே கெடுதலாகிவிடும். அதனால் d-ஐ 3, 4 அளவில் வைப்பதே பாதுகாப்பு. இன்னொன்று: 60-க்குப் பிறகு பைலட் இல்லை, `np.interp` கடைசி மதிப்பையே நீட்டிவிடும். 61 முதல் 63 வரை பிழை கூடுவது அதனால்தான்.

வைவாவில் இதையொட்டி ஒரு கேள்வி வரும்: 802.11ஏ வைஃபையில் தரவுச் சிம்பலுக்கு நான்கே பைலட், ±7, ±21 இடங்களில். எப்படிப் போதும்? சேனலைக் கணக்கிட அவை போதாது. இடைவெளி 14 என்றால் 64/14, அதாவது நாலரைச் சாம்பிள் அளவுக்கே தாமதத்தைப் பிரித்தறிய முடியும். அங்கே சேனல் கிடைப்பது தொடக்கத்தில் வரும் நீண்ட பயிற்சிச் சிம்பல்களிலிருந்து. அவை 52 சப்கேரியரையும் நிரப்புவதால் இணைக்க வேண்டிய இடைவெளியே இல்லை. இரண்டு முறை வருவதால் சராசரி எடுத்து நாய்ஸை 3 டெசிபல் குறைக்கலாம். நான்கு பைலட்டும் அதன்பின் மிஞ்சும் ஃபேஸ் நகர்வைப் பின்தொடரத்தான்.

ஈக்வலைசரில் ‘எம்எம்எஸ்இ எப்போதும் மேல்’ என்று எழுதிவிடாதீர்கள். ஓஎஃப்டிஎம்மில் ஒரு சப்கேரியருக்கு ஒரே டேப் என்பதால், அது ஸீரோ ஃபோர்ஸிங்கின் விடையை `|H|²/(|H|²+σ²)` என்ற எண்ணால் பெருக்கியதுதான். |H|² = 0.1, σ² = 0.1 என்றால் அந்த எண் 0.5. 16-க்யூஏஎம்மில் 3 என்பது 1.5 ஆகிச் சுருங்கி 1 என்று தவறாகப் படிக்கப்படும். அந்த எண்ணால் திரும்ப வகுத்தால் ஸீரோ ஃபோர்ஸிங்கே மீளும். மங்கிய சப்கேரியரிடமிருந்து நன்மை வேண்டுமென்றால், `|H|²/σ²`-ஐ நம்பகத்தன்மையின் எடையாக டீகோடருக்கு அனுப்பவேண்டும். மங்கிய பிட்டுகளை டீகோடர் குறைவாக நம்பி, மற்றவற்றிலிருந்து அவற்றை மீட்டுக்கொள்ளும்.