“பெரிய வித்தியாசம் இருக்காது, மாஸ்டர்”

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில், ஒரு தொழிற்சாலை கேண்டீனில் தீ எச்சரிக்கை டிடெக்டர் மாட்டும்போது சமையல் மாஸ்டரிடம் நான் சொன்ன வாக்கியம் இது. ஏணியில் நின்றபடி, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, கீழே பார்க்காமல் சொன்னேன். இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. வாளையாறு செக்போஸ்ட்டைப் பஸ் தாண்டும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்துவிடுகிறது.

அந்தச் சமையலறையில் ஸ்மோக் டிடெக்டர் வைக்கவே முடியாது. காய்ந்த மிளகாய் தாளித்தாலே கட்டடம் முழுவதும் அலறும். அதனால்தான் எனக்கு முன்பு வேலை செய்தவர்கள் மூன்று ரேட் ஆஃப் ரைஸ் ஹீட் டிடெக்டர்களை மாட்டியிருந்தார்கள். ஒன்று இட்லி ஸ்டீமர் பக்கம், ஒன்று வடைச் சட்டி வைக்கும் பெரிய அடுப்புக்கு அருகே, ஒன்று பின்னால் பாய்லர் அறையில். வெப்பம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத்தான் இவை கவனிக்கும். நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரிக்கு மேல் ஏறினால் அடித்துவிடும்.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடுதான். காற்று அடைத்த சின்ன அறை, அதன் சுவரில் ஊசிமுனை அளவுத் துளை. வெயிலில் கூரை மெல்லச் சூடானால், விரியும் காற்று துளை வழியாகக் கசிந்து போய்விடும். தீப்பிடித்துச் சட்டென்று சூடேறினால் கசிய நேரம் போதாமல் காற்று உப்பி, மெல்லிய தகட்டைத் தள்ளி இணைப்பைத் தொடவைக்கும். மெதுவாகக் கனன்று வளரும் தீயை இது தவறவிட்டால் பிடிப்பதற்கு, 57 டிகிரியில் உருகும் உலோகத் துண்டு ஒன்றும் தனியாக இருக்கும்.

சிக்கல் இட்லியில் வந்தது. அதிகாலை நான்கரைக்கு மாஸ்டர் ஸ்டீமரைத் திறப்பார். நீராவி மொத்தமாக மேலே போகும். மணி அடிக்கும். காவலாளி ஓடிவருவார், இரவுப் பணியாளர்கள் வெளியே வந்து நிற்பார்கள். “இட்லி வெந்ததை ஊருக்கே சொல்லுகிறது தம்பி” என்றார் மாஸ்டர். பொள்ளாச்சிக்காரர், கோபத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். மேலாளர் அப்படிச் சிரிக்கவில்லை. இன்னொரு முறை அடித்தால் அலாரம் பேனலையே அணைத்துவிடுவேன் என்றார்.

நான் ஏணியில் ஏறிப் பார்த்தபோது ஸ்டீமருக்கு மேலிருந்த டிடெக்டரில் பால் கவர் ஒன்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. உள்பக்கம் வேர்வை போல நீர்த்துளிகள். யார் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அன்றே மூன்றையும் கழற்றிவிட்டு, 90 டிகிரியில் மட்டும் அடிக்கும் ஃபிக்சட் வகையை மாட்டினேன். இரண்டாவதைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டர் கேட்டார்: “அப்படியானால் நிஜமாகவே பிடித்துக்கொண்டால் இது தாமதமாக அடிக்குமா, தம்பி?” அதற்குத்தான் அந்தப் பதில்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 54-5இல் ‘எஸ்’ என்ற குறி கொண்ட வகை உண்டு. எவ்வளவு வேகமாகச் சூடேறினாலும் தன் குறித்த வெப்பத்தைத் தொடாமல் அது அடிக்காது. சமையலறைக்கும் பாய்லர் அறைக்கும் ஏற்றதென்று சொல்லப்படுவது அதுதான். பாய்லர் அறையைப் பொறுத்தவரை எனக்கு இன்றும் சந்தேகமில்லை. காலையில் பற்றவைக்கும்போதும் அடுப்புக் கதவைத் திறக்கும்போதும் வரும் சூட்டைத் தீ என்றுதான் ரேட் ஆஃப் ரைஸ் நினைக்கும். மேலும், பால் கவர் கட்டிய டிடெக்டரைவிடத் தாமதமாக அடிக்கும் டிடெக்டர் எவ்வளவோ மேல்.

ஆனால் மாஸ்டர் கேட்டது இதையெல்லாம் அல்ல.

ஐந்து மாதம் கழித்து வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. மாஸ்டர் கேஸை மூடி, பெரிய தட்டைக் கவிழ்த்துச் சட்டியை மூடிவிட்டார். ஒன்று, ஒன்றரை நிமிடம் எரிந்திருக்கும் என்றார்கள். யாருக்கும் காயமில்லை. மறுநாள் நான் போனபோது கூரையில் குடை அளவுக்குக் கரி வட்டம். அதன் ஓரத்தில் என் டிடெக்டர், பாதி கறுத்து. அது அடிக்கவே இல்லை.

பழுது என்று முதலில் நினைத்தேன், நினைக்க விரும்பினேன் என்றும் சொல்லலாம். இணைப்புகளைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தன. அது 90 டிகிரிக்குச் சூடாகவில்லை, அவ்வளவுதான். கூரையோரக் காற்று 36 டிகிரியில் இருந்து நிமிடத்துக்கு 30 டிகிரி ஏறியதாக வைத்துக்கொள்வோம். பழையது அரை நிமிடத்தை ஒட்டி அடித்திருக்கும். புதியதற்குக் காற்று 90ஐத் தொடவே ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். காற்று தொட்டால் போதாது, உள்ளே இருக்கும் உலோகமும் அந்தச் சூட்டுக்கு வரவேண்டும். அதற்குள் காற்று 90ஐ நன்றாகத் தாண்டியிருக்கும். இது எனக்கு ஏணியில் நின்றபோதும் தெரிந்த விஷயம்தான்.

ஆள் நிற்கும் சமையலறையில் கண்தான் முதல் டிடெக்டர், மணி அடித்திருந்தாலும் மாஸ்டர் அதையேதான் செய்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மைதான். ஆனால் டிடெக்டர் வைப்பது ஆள் இல்லாத நேரத்துக்கு. அடுப்பை அணைக்க மறந்து பின்வாசலில் டீ குடிக்கப் போன நேரத்துக்கு.

முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை அதற்குப் பிறகு செய்தேன். தெர்மாமீட்டரின் ஒயர் முனையை ஒவ்வொரு டிடெக்டர் பக்கத்திலும் டேப் போட்டு ஒட்டி, நான்கு மணி முதல் ஏழு மணி வரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன். ஸ்டீமர் திறந்த நிமிடத்தில் 33 டிகிரி 49 ஆனது. வடை அடுப்புக்கு மேலே, எண்ணெய் காய்ந்து வடை போட்ட மும்முரத்திலும், ஒரு நிமிடத்தில் 4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அந்த இடத்தில் பழையது ஒருநாளும் வீணாக அடித்திருக்காது. அடித்தபோதெல்லாம் விளக்கு எரிந்து நின்றது ஸ்டீமர் பக்கத்து டிடெக்டரில்தான் என்று காவலாளியும் சொன்னார். நான் அவரை முன்பு கேட்டதே இல்லை.

பழையதை அப்படியே விட்டிருந்தாலும் சரியில்லைதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 47 டிகிரி வரும் இடத்தில் 57இல் உருகும் துண்டு மிக நெருக்கம். குறைந்தது 11 டிகிரியாவது இடைவெளி வேண்டும் என்பது எங்கள் கணக்கு. வேகத்துக்கும் அடித்து, 90இல் உருகும் துண்டும் கொண்ட வகை இருக்கிறது; வடை அடுப்புக்கு அதுதான் சரி. அன்று என் பையில் அது இல்லை, ஃபிக்சட் மூன்று இருந்தன. மூன்றையும் மாற்றிவிட்டால் மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார், கொழிஞ்சாம்பாறைக்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

சென்ற மாதம் அந்த வகையை வாங்கி வடை அடுப்புக்கு மேலே மாட்டினேன். மாஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“இது கத்துமா, தம்பி?”

“அளந்த அன்று 4 டிகிரிதான் ஏறியது, மாஸ்டர். நாளாக நாளாக எண்ணெய்ப் பிசுக்கு அந்தத் துளையை அடைத்துவிட்டால் சும்மாவே கத்தும். அப்போது கவர் கட்டாமல் எனக்கு போன் செய்யுங்கள்.”

அவர் பதில் சொல்லவில்லை. ஸ்டீமர் பக்கம் ஒருமுறை பார்த்தார்.