கையில பேனா இருக்கும்போதுதான் திசை மாறிப்போகுது

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு பிசிக்ஸ் பேப்பர் திருத்தி வந்தப்போ ஒண்ணு கவனிச்சேன், நிலைமின்னியல், காந்தவியல் ரெண்டுலயும் ஃபார்முலா எல்லாம் சரி, விடையோட மதிப்பும் சரி, ஆனா திசை மட்டும் தப்பு. படமும் பாதி தப்பு. அதுக்கப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு விதிக்கு ஒரு பக்கம்னு வச்சு, மேல படம், கீழ எந்தக் கை, எந்த விரல் எதுக்குன்னு மட்டும் எழுத ஆரம்பிச்சேன்.

மின்புலக் கோட்டுல நான் பண்ண தப்பு எண்ணிக்கையில. +2q, −q ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ரெண்டுக்கும் ஒரே அளவு கோடு போட்டு வச்சிருந்தேன். +2q-ல இருந்து எட்டு கோடு கிளம்புனா −q-க்கு நாலுதான் போய்ச் சேரணும், மிச்சம் நாலு வெளிய தூரமா போயிடும். இதுல புலம் பூஜ்யம் ஆகுற இடம் நடுவுல வராது, ஏன்னா நடுவுல ரெண்டோட புலமும் ஒரே பக்கம்தான் இழுக்குது. அந்த இடம் −q-க்கு அந்தப் பக்கம், ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் d-ன்னா −q-ல இருந்து சுமார் 2.4d தள்ளி. கணக்கு போட்டு அந்தப் புள்ளிய முதல்ல குறிச்சுட்டு, அதுக்கப்புறம் கோடு போட்டா எந்தக் கோடு எங்க வளையணும்னு தானாவே தெரியுது. காந்தத்துக்கு மட்டும் கோட்டுக்கு ஆரம்பமும் முடிவும் கிடையாது, வெளிய வடக்கிலிருந்து தெற்கு, காந்தத்துக்கு உள்ள தெற்கிலிருந்து வடக்குன்னு மூடின வளையம், அதனால காந்தத்துக்கு உள்ளயும் கோடு போடணும், நான் விட்டது அதைத்தான்.

இப்ப திசை. நேரான கம்பிக்கு வலது கை பெருவிரல் விதி, பெருவிரல் கரண்ட் போற பக்கம், மடங்குன விரல்கள் புலம் சுத்துற பக்கம். தெரிஞ்ச விதிதான், அப்புறம் ஏன் தப்பாச்சுன்னு அதே கேள்விய திரும்ப எழுதிப் பார்த்தேன். வலது கையில பேனா இருக்கு, அதைக் கீழ வைக்காம சும்மா இருக்குற இடது கையத் தூக்கியிருக்கேன், புலம் அப்படியே உல்டாவா வந்திருக்கு! அதனால நோட்டுல முதல் வரியே "பேனாவைக் கீழே வை"ன்னு சிவப்பு மையில எழுதினேன்.

ரெண்டு கம்பி கேள்வியில இதை முழுசா பார்க்கலாம். ரெண்டும் 10 செ.மீ. தள்ளி, ரெண்டுலயும் 5 ஆம்பியர், ரெண்டும் தாள்ல மேல்நோக்கி. முதல்ல வலது கை: இடது கம்பியோட புலம் வலது கம்பி இருக்குற இடத்துல தாளுக்குள்ள போகுது, அங்க ஒரு பெருக்கல் குறி போட்டுக்கணும். மதிப்பு 10⁻⁵ டெஸ்லா. அப்புறம்தான் பிளெமிங் இடது கை: சுட்டுவிரல் புலம், அதாவது தாளுக்குள்ள, நடுவிரல் கரண்ட், மேல, பெருவிரல் இடது பக்கம் காட்டும், அதுதான் விசை. அதாவது வலது கம்பி இடது கம்பிய நோக்கி இழுபடுது, மீட்டருக்கு 5 × 10⁻⁵ நியூட்டன். புலத்தைக் கண்டுபிடிக்க வலது கை, விசையைக் கண்டுபிடிக்க இடது கை, இந்த வரிசை மாறினா கதை கந்தல். படத்தை வச்சும் சரிபார்க்கலாம், ஒரே திசையில கரண்ட் போனா ரெண்டு கம்பிக்கு நடுவுல புலம் ஒண்ணை ஒண்ணு குறைச்சுக்கும், வெளிய ரெண்டையும் சேர்த்துச் சுத்துற வளையம் வரும், அப்படி வந்தா ஈர்ப்பு.

எலக்ட்ரான் வந்தா இன்னொரு பொறி இருக்கு. எலக்ட்ரான் வலது பக்கம் போகுது, புலம் தாளுக்குள்ளன்னு கேட்டிருந்தாங்க, நான் நடுவிரலை வலது பக்கம் நீட்டி விசை மேலன்னு எழுதிட்டேன். அது புரோட்டானுக்கு. எலக்ட்ரான் வலப்பக்கம் போனா கரண்ட் இடப்பக்கம், அதனால நடுவிரலை இடது பக்கம் திருப்பணும், விசை கீழ வரும், பாதை கடிகார முள் சுத்துற மாதிரி வளையும். இப்ப கேள்வியில எலக்ட்ரான்னு பார்த்த உடனே அம்புக்குறிய திருப்பிப் போட்டுட்டுத்தான் கையையே தூக்குறேன்.

கடைசிப் பக்கம் லென்ஸ் விதி. சுருளை நோக்கி வடமுனை வந்தா சுருளோட அந்த முகம் வடமுனையா மாறி எதிர்க்கும், காந்தத்தோட பக்கம் இருந்து பார்த்தா கரண்ட் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. காந்தம் விலகிப் போனா அதே முகம் தென்முனை, கரண்ட் கடிகாரத் திசை. எந்தப் பக்கம் இருந்து பார்க்கிறோம்னு படத்துல ஒரு கண் வரைஞ்சு வச்சுக்கிட்டேன், அந்தக் கண் இல்லாம போட்ட படம் எல்லாம் மறுபடி பார்க்கும்போது எனக்கே குழப்பமா இருந்துச்சு.